ஆறு கோடு

டெல்லியில் நான் வேலை பார்த்த டிஸ்பென்சரியில் மருந்து வாங்க வருகிறவர்கள் பாட்டிலைக் கையோடு கொண்டுவர வேண்டும். சர்க்கார் மருந்து கொடுக்கும், பாட்டில் கொடுக்காது. அதனால் என் ஜன்னலுக்கு வராத பாட்டில் கிடையாது. கடுகெண்ணெய் பாட்டில், ரம் பாட்டில், வாசனை போகாத ஊறுகாய் ஜாடி. ஒருத்தன் ஒரு முறை மண்ணெண்ணெய் பாட்டிலை நீட்டினான். அதை அவன் முன்னாலேயே குப்பையில் போட்டேன். அவன் கத்தினான். நான் அதைவிட அதிகமாகக் கத்தினேன்.

எனக்கு முன்கோபம். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். "மதராஸி தீதி வாயைத் திறந்தால் மூடமாட்டாள்" என்று வரிசையில் பேசிக்கொள்வார்கள். தீதி என்றால் அக்கா. என் காதில் விழும். விழட்டும் என்று இருப்பேன். மதுரையில் பார்மஸி டிப்ளமா முடித்து, சென்ட்ரல் கவர்ன்மென்ட் குமாஸ்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு, கோல் மார்க்கெட் பக்கம் இரண்டு அறை குவார்ட்டர்ஸில் குடித்தனம். தினமும் இரண்டு பஸ் மாறி ஊரின் தெற்கு ஓரத்தில் இருந்த அந்த டிஸ்பென்சரிக்குப் போய்வந்தேன். ஆசிய விளையாட்டுக்காக ஊர் முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த வருஷங்கள் அவை. கட்டட வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர்கள் டிஸ்பென்சரிக்குப் பின்னால் தகரமும் சாக்கும் கட்டி ஒரு குடிசைப் பஸ்தியே போட்டிருந்தார்கள். சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஜனங்கள். ஆண்கள் கொத்து வேலை, கம்பி கட்டுகிற வேலை. பெண்கள் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தார்கள்.

மிக்ஸ்சர் கொடுக்கும்போது பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதச் சீட்டு ஒட்டுவோம். வெள்ளைத் தாளை நீளமாக மடித்து, கத்தரியால் ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி, பசை தடவி ஒட்டவேண்டியது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேளை மருந்து; அதைத்தான் கோடு என்போம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். பெரியவர்களுக்கான இருமல் மிக்ஸ்சர் என்றால் ஒரு கோடு பதினைந்து மில்லி. ஆறு கோடு போட்டால் இரண்டு நாள் மருந்து. காலை, மதியம், சாயங்காலம். இந்தச் சீட்டை வெட்டுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அளவுக் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிச் சரிபார்க்காமலே என் கோடு சரியாக வரும்.

வீட்டு ஸ்பூன்கள் மேல் எனக்கு அப்படி ஒரு பகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் இருந்த எல்லா ஸ்பூனிலும் தண்ணீர் நிரப்பி, அளவுக் கண்ணாடியில் கொட்டிப் பார்த்தேன். டீஸ்பூன் என்றால் ஐந்து மில்லி இருக்க வேண்டும். ஒன்று மூன்று மில்லிதான் பிடித்தது. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் செட்டில் ஒன்று ஏழு. பெரிய ஸ்பூன் பதினைந்தைத் தொட்டது. கணவர் வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "சாம்பார் எப்ப வரும்னு தெரிஞ்சா நான் போய் ஷேவ் பண்ணிட்டு வரேன்" என்றார்.

குவார்ட்டர்ஸில் பிள்ளை பெற்ற வீடுகளிலிருந்து என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். மேல் மாடியில் ஒரு அப்பா ஆபீஸிலிருந்து வந்தவுடன் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து கொடுப்பார். அரை மணி முன்னால் அம்மாவும் கொடுத்திருப்பாள். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். எதிர்வீட்டில் கைக்குழந்தைக்கு வாங்கின சொட்டு மருந்தை, சிரப் என்று நினைத்து ஸ்பூனில் ஊற்றப் போனார்கள். இரண்டும் பாராசிட்டமால்தான். ஆனால் சிரப்பில் ஒரு மில்லிக்கு இருபத்தைந்து மில்லிகிராம். சொட்டு மருந்தில் நூறு. நாலு மடங்கு. நான் அந்த ஸ்பூனைப் பிடுங்கி வைத்துவிட்டு, அந்த அம்மாளை அழவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அப்பேர்ப்பட்டவள் நான்.

டிஸ்பென்சரியில் குழந்தையை நிறுக்கும் தராசு கிடையாது. நான்தான் ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பழைய தட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தேன். லேடி டாக்டர் நல்லவர். ஆனால் காலையில் நூறு பேரைப் பார்ப்பவர். "ஒரு வயசா? ஒரு டீஸ்பூன்" என்று எழுதிவிடுவார். வயசு பார்த்து எழுதுவது கொழுகொழு பிள்ளைகளுக்குச் சரி, பஸ்திப் பிள்ளைகளுக்குச் சரிவராது என்று அவரிடம் சண்டை போட்டேன். கிலோவுக்குப் பத்திலிருந்து பதினைந்து மில்லிகிராம், நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது, ஒரு கிலோவுக்கு நாளெல்லாம் சேர்த்து அறுபதைத் தாண்டக்கூடாது. அவருக்குத் தெரியாததில்லை. "சரி பெஹன்ஜி, நீங்கள் நிறுத்து அனுப்புங்கள், நான் எழுதுகிறேன்" என்றார். அதிலிருந்து நிறுத்தேன்.

அந்தப் பெண் கள்ளக்குறிச்சிப் பக்கம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். காலையில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, ஈரம் காயாத புடவையோடு வருவாள். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பக்கத்து ஜன்னல் கம்பவுண்டரிடம் போகமாட்டாள். என்னிடம்தான் வருவாள், "அக்கா" என்பாள், ஊர்ப் பேச்சில் இரண்டு வார்த்தை பேசுவாள். பாவம், இந்தி தெரியாது போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். டாக்டர் சொல்வதையெல்லாம் மெனக்கெட்டுத் தமிழில் திருப்பிச் சொல்வேன். அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள்.

மழைக்காலம் தொடங்கினபோது அவளுக்கு இருமல். மிக்ஸ்சர் கொடுத்து அனுப்பினேன். மறுநாளே வந்து இன்னும் கேட்டாள். இரண்டு நாள் மருந்தை இரண்டே மடக்கில் குடித்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏம்மா, இது என்ன மோரா, மடக்கு மடக்குனு குடிக்க?"

"சீக்கிரம் நல்லாவும்னு குடிச்சங்க்கா."

"இந்தா பாரு. உன் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாது. ஸ்பூனையும் நம்பாதே, உன் வாயையும் நம்பாதே. இந்தக் கோட்டை நம்பு. ஒரு வேளைக்கு ஒரு கோடு. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. கோட்டுக்குக் கோடு. எங்கே, சொல்லு."

"கோட்டுக்குக் கோடுங்க்கா."

மூன்று முறை சொல்லவைத்தேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் கொண்டுவந்திருந்தது பழுப்பு நிற பாட்டில், தோள் கொஞ்சம் சரிந்தது. அதில் புதிதாக ஆறு கோடு வெட்டி ஒட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினோரு மாதப் பையன். உடம்பு கொதித்தது. அந்த வாரம் பஸ்தி முழுக்கக் காய்ச்சல். வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது. பையனைத் தட்டில் உட்காரவைத்து நிறுத்தேன். ஆறு கிலோ. அந்த வயசுக்கு அது ஒரு எடையா? ஆனால் அழவில்லை. தராசுச் சங்கிலியைப் பிடித்து ஆட்டினான். நான் கையைத் தட்டிவிட்டதும் என் வளையலைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் எழுதினது சரியாகவே இருந்தது. பாராசிட்டமால் சிரப், அரை டீஸ்பூன், காய்ச்சல் இருந்தால் மட்டும், நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். அரை டீஸ்பூனில் அறுபத்திரண்டரை மில்லிகிராம். ஆறு கிலோவுக்குக் கச்சிதம்.

வழக்கப்படி முப்பது மில்லி கொடுக்க வேண்டும். மூன்று நாளைக்குப் போதும். அவள், "அக்கா, திரும்பத் திரும்ப வந்தா வீட்டுக்காரம்மா வேலைய விட்டு எடுத்துருவாங்க" என்றாள். எனக்கு இரக்கம் வந்தது. தினமும் ஐம்பது பேரை விரட்டுகிறவளுக்கு அன்றைக்குப் பார்த்து இரக்கம் வந்தது. அவள் கொடுத்த பாட்டிலைப் பெரிய ஜாடியின் குழாய்க்கு அடியில் பிடித்து, கழுத்து வரைக்கும் நிரப்பினேன். யாருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. நம் ஊர்ப் பெண் என்று கொடுத்தேன்.

"அரை டீஸ்பூன். காய்ச்சல் இருந்தா மட்டும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விடணும். புரிஞ்சுதா?"

தலையாட்டினாள். அடுத்தவனைக் கூப்பிட்டேன்.

இதைப் பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பாட்டிலைப் பிடித்தபோது பழைய இருமல் மருந்துச் சீட்டு என் உள்ளங்கைப் பக்கம் இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்தக் காகிதத்தின் வெட்டுப் பற்கள் என் விரலில் நெருடின. நான் வெட்டின பற்கள். விரலுக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

புதன்கிழமை காலையில், நான் ஜன்னலைத் திறப்பதற்கு முன்பே அவள் நின்றிருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள். ஆனால் ராத்திரியிலிருந்து பையன் வாந்தி எடுக்கிறான், பால் இறங்கவில்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்றாள். சொல்லிவிட்டு பாட்டிலை ஜன்னல் திண்டில் வைத்தாள். காலியாக இருந்தது. சீட்டு என்னைப் பார்த்தபடி இருந்தது. ஆறு கோடு.

"மருந்து எங்கே?"

"தீந்துபோச்சுங்க்கா."

"எப்படிக் குடுத்தே?"

"நீங்க சொன்னாப்பலதான். கோட்டுக்குக் கோடு. பாலாடையில ஊத்தி ஊத்திக் குடுத்தேன். இனிப்பா இருந்துச்சா, நல்லாக் குடிச்சுகிட்டான்."

"அரை ஸ்பூன்னு சொன்னேனே."

"ஊட்ல ஸ்பூன் ஏதுங்க்கா? அகப்பைதான இருக்கு. அதும் நீங்கதான சொன்னீங்க, ஸ்பூன நம்பாத, கோட்ட நம்புன்னு."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் போலச் சொன்னாள். என் தலைக்குள் கணக்கு தானாக ஓடியது. ஒரு கோட்டுக்கு முந்நூற்று எழுபத்தைந்து. ஆறு மடங்கு. நாளைக்கு மூன்று கோடு, ஆயிரத்து நூற்று இருபத்தைந்து. ஆறு கிலோ. கிலோவுக்கு நூற்று எண்பத்தேழு, இரண்டு நாள். கணக்கு முடிந்தபிறகு உள்ளே ஒன்றும் இல்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கைகள் மட்டும் ஜன்னலைச் சாத்தின, பாட்டிலை எடுத்துப் பையில் போட்டன. லேடி டாக்டரிடம், "குழந்தைக்கு மருந்து அதிகமாகிவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன்" என்றேன். அவர் பையனின் கண்ணைத் திறந்து பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்தார். எப்படி அதிகமானது என்று கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவருக்கு நேரமில்லை.

ஆட்டோவில் அவள் மடியில் பையன். நான் பக்கத்தில். "என்னங்க்கா ஆச்சு?" என்று இரண்டு முறை கேட்டாள். "மருந்து கொஞ்சம் கூடிப்போச்சு, டாக்டர் பாத்துக்குவாங்க" என்றேன். பையன் ஒரு முறை கண்ணைத் திறந்தான். என் வளையலைப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருவர் பார்த்தார். மருந்தைப் பற்றிச் சொல்லவேண்டியது அத்தனையும் சொன்னேன். எந்த மருந்து, மில்லிக்கு எவ்வளவு, எத்தனை மில்லி, எத்தனை வேளை, கடைசி வேளை எப்போது, பையன் எடை என்ன. அதில் ஒரு புள்ளி மறைக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். வைத்தியத்துக்கு வேண்டிய எதையும் நான் மறைக்கவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே அவளைக் காட்டி என்னிடம் கேட்டார்: "இத்னா தேனே கோ கிஸ்னே போலா? பூச்சியே இஸ்ஸே." இவ்வளவு கொடுக்கச் சொன்னது யார் என்று இவளைக் கேளுங்கள் என்றார்.

நான் அவளைத் தமிழில் கேட்டேன். வேண்டுமென்றே மாற்றிக் கேட்டேன். "எவ்வளவு குடுத்தேனு டாக்டர் கேக்கறாரு."

"கோட்டுக்குக் கோடுங்க்கா. நீங்க சொன்னாப்பல."

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பேனா காத்திருந்தது.

"இஸ்ஸே கல்தி ஹோ கயீ, டாக்டர் சாப்," என்றேன்.

இவளிடமிருந்து தப்பு நடந்துவிட்டது. அவ்வளவுதான். நாலு வார்த்தை. டாக்டர் அதை இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்து இந்தியில் திட்டினார். படிப்பறிவில்லாதவர்கள், அளவில்லை, கணக்கில்லை, பிள்ளை பெறமட்டும் தெரிகிறது என்றார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புரியாதது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். அப்படித்தான் நினைத்தேன்.

இதற்கு ஒரு மாற்று மருந்து உண்டு. மருந்து உள்ளே போன எட்டு, பத்து மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஈரல் தப்பிக்கும். முதல் வேளை கொடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இருந்தாலும் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். பாராசிட்டமால் பொல்லாத மருந்து இல்லை. சரியான அளவில் அதைப்போலச் சாதுவான மருந்து கிடையாது. அளவு தாண்டினால் முதல் நாள் வாந்தியோடு நிற்கும், பிள்ளை தேறிவிட்டமாதிரிகூட இருக்கும். உள்ளே ஈரல் அணு அணுவாகச் செத்துக்கொண்டிருக்கும். வியாழக்கிழமை பையன் இரண்டு வாய் பால் குடித்தான். அவள் சிரித்துக்கொண்டே, "பாருங்க்கா, குடிக்கறான்" என்றாள். நான் பார்த்தேன். எனக்குத் தெரியும். தெரிந்தும், "ஆமாம்மா" என்றேன்.

அந்த நாலு நாளும் வேலை முடிந்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன், காரணம் எதுவும் கிடையாது. வீட்டில் சமைத்தேன். துணி துவைத்தேன். புதன்கிழமையே அந்த பாட்டிலைச் சமையலறைத் தொட்டியில் வெந்நீரில் ஊறப்போட்டேன். சீட்டு கையோடு வந்தது. கசக்கிச் சாக்கடைத் துளையில் தள்ளினேன். கணவர் எட்டிப் பார்த்து, "அது என்ன பாட்டில்?" என்றார். "டிஸ்பென்சரி பாட்டில்" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நான் வேலையைப் பற்றிப் பேசினால் கடைசியில் சண்டையில்தான் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை கண் மஞ்சளானது. சனிக்கிழமை ஊசி குத்தின இடத்திலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போனபோது கட்டிலில் வேறொரு பிள்ளை இருந்தது. அவள் தாழ்வாரத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் காகிதத்தில் கைநாட்டு வைக்கப் போயிருந்தான். அவள் அழவில்லை, நானும் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையில் அவளுக்கென்று கொண்டுவந்த இட்லி டப்பா இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவள், "ஆறு கிலோதான் இருந்தான், இல்லைங்க்கா?" என்றாள்.

"ஆமா."

அவ்வளவுதான் பேசினோம்.

அதன்பிறகு டிஸ்பென்சரியில் நான் எந்த பாட்டிலிலும் பழைய சீட்டை விட்டுவைக்கவில்லை. ஒரு பழைய பிளேடு வைத்துக்கொண்டு, வாங்கின உடனே சுரண்டுவேன். குழந்தை மருந்து முப்பது மில்லிக்குமேல் யாருக்கும் ஊற்றவில்லை. கெஞ்சினாலும் ஊற்றவில்லை. வீட்டில் ஸ்பூன் இருக்கிறதா, எதில் கொடுப்பாய், கொண்டுவந்து காட்டு என்று கேட்க ஆரம்பித்தேன். கோடு போட்ட சின்ன அளவுக் கிண்ணங்களைக் கடையில் வாங்கி, டப்பாவில் வைத்துக்கொண்டு, பிள்ளை இருக்கிறவர்களுக்குக் கொடுத்தேன். ஜன்னலில் முதல் வேளையை அவர்களையே தண்ணீரில் அளந்து காட்டச் சொல்வேன். வரிசை இரண்டு மடங்கு நீண்டது. மதராஸி தீதிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். லேடி டாக்டர் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பாராட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இதெல்லாம் பிராயச்சித்தம் என்று நினைக்கவேண்டாம். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. காலையில் எழுந்தேன், பஸ் ஏறினேன், அளந்தேன், திட்டினேன். திட்டுகிற சத்தம்கூட வேறு யாருடையதோ மாதிரி இருக்கும்.

குளிர் தொடங்கின பிறகு ஒரு நாள் அவள் வந்தாள். அதுவரை வரவில்லை. இடுப்பில் மூத்த பெண், நாலு வயசு, ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஜன்னல் வரிசையில் ஆளே இல்லை. அவள் என் வரிசையில்தான் நின்றாள். முறை வந்ததும் என்னைப் பார்த்து, எப்போதும்போல, "அக்கா, காய்ச்சல்" என்றாள்.

பெண்ணைத் தட்டில் உட்காரவைத்தேன். பன்னிரண்டு கிலோ. டாக்டரிடம் போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு டீஸ்பூன். ஐந்து மில்லி, நூற்று இருபத்தைந்து மில்லிகிராம். சரியான அளவு. அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். சின்ன பாட்டில், கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒரு சீட்டும் இல்லை. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வரிசையில் யாரோ, "ஜல்தி கரோ, தீதி" என்று அவசரப்படுத்தினார்கள்.

பாட்டிலைக் கீழே வைத்தேன். அன்றைக்குச் சொல்லாவிட்டால் அப்புறம் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"இந்தா பாரும்மா. அன்னைக்கு நடந்தது உன் தப்பு இல்ல. பழைய சீட்ட நான் எடுத்துருக்கணும். எடுக்கல. தப்பு என்னுது."

அவள் பெண்ணின் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"தெரியுங்க்கா."

"என்ன தெரியும்?"

"'இஸ்ஸே கல்தி ஹோ கயீ'ன்னு சொன்னீங்களே, அது." அந்த நாலு வார்த்தையை அவள் சுத்தமான டெல்லி இந்தியில் சொன்னாள், பங்களாக்காரர்கள் பேசுவதைப்போல. "பதினஞ்சு வயசுல வந்தேங்க்கா இந்த ஊருக்கு. எட்டு வருசமா பங்களாக்காரங்க ஊட்லதான பாத்தரம் தேய்க்கறேன். இந்தி தெரியாதா?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை நாளும் நான் அவளுக்கு டாக்டர் பேச்சைத் தமிழில் சொன்னதெல்லாம் என் சந்தோஷத்துக்காக அவள் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன டாக்டர் திட்டின ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டுதான் தரையைப் பார்த்திருக்கிறாள்.

"அப்பவே சொல்லிருக்கலாமே அவருகிட்ட. ஏன் சொல்லல?"

"நான் சொன்னா எழுதிக்குவாங்களா? நீங்க சொன்னத எழுதியாச்சு."

"பின்ன ஏன் மறுபடி எங்கிட்ட வந்தே? பக்கத்து ஜன்னல் காலியாத்தான இருக்கு."

அவள் பெண்ணை இடுப்பில் இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"அந்தாளு பாக்காம ஊத்துவாரு," என்றாள். "நீங்க இனிமே பாத்துதான் ஊத்துவீங்க."

மூன்று மாதமாக வராத அழுகை அப்போது வந்தது, வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு ஆறுதல் சொல்லவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, முப்பது மில்லி அளந்து பாட்டிலில் ஊற்றினேன். ஒரு அளவுக் கிண்ணத்தை எடுத்து, ஐந்து என்று போட்டிருந்த கோட்டை நகத்தால் காட்டிக் கொடுத்தேன்.

அவள் அதில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். கிண்ணத்தைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி, வெளிச்சத்துக்குக் காட்டி, நிதானமாகப் பார்த்தாள். கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றது தண்ணீர்.

"கூட இருக்குங்க்கா," என்று திருப்பிக் கொடுத்தாள்.

வாங்கிக் கொஞ்சம் கீழே கொட்டிவிட்டு, மறுபடி அவளிடம் காட்டினேன்.